வணக்கமும் வாங்கோவும்

சிட்னியின் மேற்கே குவேக்கர்ஸ் ஹில்லில் நாங்கள் குடியேறிய புதிதில், ஒரு சனிக்கிழமை மாலை, யாழ்ப்பாணத்திலிருந்து என் மாமியார் தொலைபேசியில் அழைத்தார். அப்போது மகனுக்கு ஏழு வயது. அன்று காலைதான் தமிழ்ப் பள்ளியில் புதிதாக ஒரு சொல் படித்துவிட்டு வந்திருந்தான். தொலைபேசியை வாங்கி, முதுகை நிமிர்த்தி, "வணக்கம் அம்மம்மா" என்றான். மறுமுனையில் சில விநாடிகள் சத்தமே இல்லை. பிறகு சிரிப்பொலி கேட்டது. "என்ன ராசா, கூட்டத்திலயோ நிக்கிறாய்?" என்றார் அம்மம்மா.

பையனுக்கு முகம் வாடிவிட்டது. சரியாகத்தானே சொன்னோம், ஏன் சிரிக்கிறார்கள் என்று என்னைப் பார்த்தான். அவன் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. அம்மம்மா சிரித்ததிலும் பிழை இல்லை. 'வணக்கம்' இன்று தமிழரின் முகமன் சொல்லாக உலகம் முழுவதும் அறியப்பட்டிருக்கிறது. ஆனால் பேரனும் பாட்டியும் அதைத் தமக்குள் சொல்லிக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் இருந்ததில்லை. வீட்டுக்குள் இல்லாத சொல் எப்படி ஊரைவிட்டு வெளியே போய் உலகச் சொல் ஆனது, வீட்டுக்குள் இருந்த சொற்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வளைவு என்னும் வேர்

'வணங்கு' என்பதன் அடிப்படைப் பொருள் வளைவதுதான். காற்றில் மூங்கில் வணங்கும். கனியின் பாரத்தில் கிளை வணங்கும். தானே வளைவது வணங்குதல், பிறிதொன்றை வளைப்பது வணக்குதல். யாழின் வளைந்த தண்டைக் குறிக்கும்போது 'வணர்' என்ற சொல்லைப் பழந்தமிழ்ப் புலவர்கள் ஆண்டார்கள். அதுவும் இக்குடும்பத்துச் சொல்லே. 'வணக்கு' என்ற வினையோடு 'அம்' சேர்ந்து பிறந்தது வணக்கம். உடல் வளைவது முதற்பொருள்; அதிலிருந்து பணிவும், பணிவிலிருந்து வழிபாடும் பின்னர் விரிந்த பொருள்கள்.

இந்த முதற்பொருளை நன்றாகக் காட்டும் இடம் திருக்குறளில் கூடாநட்பு அதிகாரம். அங்கே வள்ளுவர் சொல்வணக்கத்தையும் வில்வணக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். வில் வளைவது அம்பு எய்வதற்காக. பகைவனின் பேச்சு வளைந்து வருவதும் அதுபோன்ற தீங்குக்காகத்தான், நம்பாதே என்பது கருத்து. அடுத்த குறளிலேயே, பகைவர் கூப்பிய கைக்குள்ளும் ஆயுதம் மறைந்திருக்கும் என்று எச்சரிக்கிறார். இன்று பள்ளிக்கூடச் சுவர்களில் கைகூப்பிய படத்தின் கீழ் 'வணக்கம்' என்று எழுதி ஒட்டுகிறோம். அந்தச் சொல்லையும் அந்தக் கையையும் அடுத்தடுத்துச் சந்தேகித்த கவிஞரும் நம்மிடம்தான் இருந்தார் என்பதை நினைத்தால் எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கும்.

காப்பியம் ஒன்று எப்படித் தொடங்க வேண்டும் என்று தண்டியலங்காரம் கூறும்போது, வாழ்த்து, வணக்கம், வருபொருள் உரைத்தல் ஆகிய மூன்றில் ஒன்று முன்னே வரவேண்டும் என்கிறது. ஆக, தொடக்கத்தில் வணக்கம் கூறும் மரபு பழையதுதான். ஆனால் அந்த வணக்கம் தெய்வத்தை நோக்கியது. எதிரே வரும் பக்கத்து வீட்டுக்காரரை நோக்கியது அன்று.

வடமொழிச் சொல் என்று நாம் ஒதுக்கிவைத்த 'நமஸ்கார'த்தின் வேரும் வளைதலே. 'நம்' என்ற அந்த வடமொழி வேருக்கு வளைதல், குனிதல் என்றே பொருள். 'நமஸ்தே' என்றால் உனக்கு வணக்கம். இரண்டு மொழிகளும் தனித்தனியே ஒரே உடலசைவிலிருந்து தம் சொல்லைப் பெற்றிருக்கின்றன. 'தெண்டன்' அல்லது 'தண்டம்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. தண்டம் என்றால் கோல். கோல் ஒன்று நிலத்தில் விழுந்து கிடப்பதுபோல் உடல் முழுவதையும் தரையில் கிடத்துவது தெண்டனிடுதல். பழைய கடிதங்களில் 'தெண்டனிட்டு எழுதிக்கொண்டது' என்று தொடங்குவார்கள். வைணவர்களிடம் தண்டம் சமர்ப்பித்தல் இன்னும் வழக்கில் உண்டு.

குனிந்தவருக்குக் கிடைத்த பதில்

இச்சொற்களின் வரலாற்றில் பலரும் பேசுவது வடமொழியா தமிழா என்பதைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொரு கேள்வி. முகமன் கூறியவருக்குத் திரும்பக் கிடைத்தது என்ன?

பழைய ஒழுங்கில் வணங்குதல் ஒருவழிப் பாதை. சிறியவர் விழுந்து கும்பிட்டால் பெரியவர் திரும்பக் கும்பிடுவதில்லை. "நல்லா இரு", "தீர்க்காயுசா இரு" என்று வாழ்த்துவார். வணக்கம் மேலே போகும், வாழ்த்து கீழே வரும். வயது காரணமாக இப்படி நடக்கும்போது அதில் ஓர் அன்பு இருக்கிறது. சாதி காரணமாக நடந்தபோது அன்பும் இல்லை, வாழ்த்தும் இல்லை. தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "கும்பிடுறேன் சாமி" என்று ஒருவர் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் ஒரு தலையசைப்போடு, சில வேளை அதுவும் இல்லாமல், போய்விடுவார். தோட்டங்களில் துரைக்கு வைத்த சலாமும் இந்த வகைதான். 'சலாம்' என்ற அரபுச் சொல்லின் பொருள் அமைதி. முஸ்லிம்கள் தமக்குள் அதைச் சொல்லும்போது அதே சொல் பதிலாக வருகிறது. துரைமுன் தோட்டத் தொழிலாளி சொன்னபோது அது வெறும் குனிதலாகச் சுருங்கிவிட்டது.

'கும்பிடுறேன்' என்பதன் இலக்கணத்தையும் கவனியுங்கள். அது வினைமுற்று. 'நான்' என்பது அதற்குள் இருக்கிறது. யாரை என்ற கேள்விக்கு விடையாக ஒரு சாமியோ ஐயாவோ பின்னால் வந்து நிற்கிறார். 'வணக்கம்' வெறும் பெயர்ச்சொல். யார் வணங்குகிறார், யாரை வணங்குகிறார் என்ற இரண்டுமே அதில் இல்லை. 'நீ'யா 'நீங்கள்'ளா என்று தேர்ந்தெடுக்கும் தொல்லையும் இல்லை. எழுவாயும் செயப்படுபொருளும் இல்லாத இந்தச் சொல்லை யாரும் யாருக்கும் சொல்லலாம். சொன்னவருக்கு அதையே திருப்பியும் சொல்லலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இதுதான் நடந்தது. 1916இல் மறைமலை அடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், அதன் பின் மேடைகளைக் கைப்பற்றிய திராவிட இயக்கமும் பொது வாழ்வின் சொற்களை ஒவ்வொன்றாக மாற்றின. அக்கிராசனர் தலைவரானார், உபந்நியாசம் சொற்பொழிவானது, விவாகப் பத்திரிகை திருமண அழைப்பிதழானது. அந்த வரிசையில் நமஸ்காரம் வணக்கமானது. மேடையில் இருப்பவர் கைகூப்பி வணக்கம் என்றால், கீழே தரையில் உட்கார்ந்திருந்த கூட்டமும் வணக்கம் என்றது. இரு பக்கமும் ஒரே சொல். 'கும்பிடுறேன் சாமி'யிலிருந்து இது எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பார்த்தால், இந்த மாற்றத்தை வெறும் மொழித்தூய்மை என்று சொல்லிவிட முடியாது.

மேடையில் பிறந்த அடையாளம் அச்சொல்லில் இன்னும் இருக்கிறது. பேச்சு தொடங்கும்போது ஒரு வணக்கம், முடியும்போது 'நன்றி, வணக்கம்'. வந்தவுடன் சொல்வதும் போகும்போது சொல்வதும் ஒரே சொல்லாக இருப்பது வீட்டு வழக்கில் ஒத்துவராது. மேடையில் மட்டுமே ஒத்துவரும். பிறகு வானொலி அதை எடுத்துக்கொண்டது. 1941இல் தொடங்கி 2017 வரை சிற்றலையில் ஒலித்த பிபிசி தமிழோசையானாலும், இலங்கை வானொலியானாலும், முகம் தெரியாத நேயருக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. 'காலை வணக்கம்', 'மாலை வணக்கம்' என்பவை ஆங்கில வழக்கைப் பார்த்துச் செய்துகொண்டவை. காலையைப் பார்த்து வணங்குவது யார் என்று கேட்டால் விடை கிடையாது. 'இரவு வணக்கம்' இன்னும் விசித்திரம். ஆங்கிலத்தில் அது விடைபெறும்போது சொல்வது. தமிழில் அதை ஒன்பது மணிச் செய்தியின் தொடக்கத்தில்கூடக் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்குள் இருந்தவை

அப்படியானால் வீட்டில் நாம் என்னதான் சொன்னோம்? பெரும்பாலும் ஏவல் வினையும் கேள்வியும்தான். வாசலில் ஒருவர் தெரிந்ததும் "வாங்கோ, வாங்கோ", "இருங்கோ". பின் "எப்ப வந்தனீங்கள்?", "சுகமா இருக்கிறியளோ?", "சாப்பிட்டாச்சோ?". தமிழ்நாட்டில் "வாங்க, உக்காருங்க, சாப்டீங்களா, நல்லாருக்கீங்களா". முகமன் சொல்லவேண்டியவர் வீட்டுக்காரர். வந்தவர் சிரித்தால் போதும்.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. எங்கள் தெருவில் மதுரைக்காரர் ஒருவர் இருக்கிறார். முதன்முறை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி "வாங்கோ, இருங்கோ" என்றதைக் கேட்டு, எங்களை ஐயர் வீடு என்று நினைத்துவிட்டார். தமிழ்நாட்டில் 'வாங்கோ' என்ற வடிவம் பிராமணர் பேச்சோடு சேர்த்து நினைக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் அதுதான். அன்று மேசையில் கணவாய்க் கறி வந்தபோதுதான் அவருக்கு விளங்கியது.

இந்த வீட்டுச் சொற்களில் 'வணக்க'த்தின் சமத்துவம் கிடையாது. 'வா' என்ற வினையைச் சொல்வதற்குள் நான்கு முடிவுகள் எடுக்க வேண்டும். தம்பிக்கு "வா", ஒத்த வயதினருக்கும் மனைவிக்கும் "வாரும்", மாமாவுக்கு "வாங்கோ", மடத்துச் சாமியாருக்கு "வாருங்கள்". 'நீர், வாரும், இரும்' என்ற அந்த இடைப்படி தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் அதில் மரியாதையும் நெருக்கமும் கலந்திருக்கும். 'வருக' என்ற வியங்கோளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வியங்கோள் எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் பொது என்று நன்னூல் சொல்கிறது. அதனால்தான் பந்தலில் தொங்கும் பதாகை 'வருக' என்கிறது. பந்தலுக்குள் நிற்கும் மாமி "வாங்கோ" என்கிறார். பதாகைக்கு எதிரே வருபவர் யாரென்று தெரியாது. மாமிக்குத் தெரியும்.

போகும்போது சொல்வதில் நுட்பம் இன்னும் அதிகம். "போறேன்" என்று சொல்லக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். "போயிட்டு வர்றேன்" என்று தமிழ்நாட்டிலும், "போட்டு வாறன்" என்று யாழ்ப்பாணத்திலும் சொல்வோம். திரும்பி வராமல் போவது இறப்பு ஒன்றே என்பதால் இந்த விலக்கு வந்தது என்பது பொது விளக்கம். இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்க இலக்கண விதி ஒன்று தொல்காப்பியத்தில் உண்டு. வருதல், தருதல் ஆகிய சொற்கள் தன்மை, முன்னிலை ஆகிய இரண்டிடத்துக்கே உரியவை என்றும், செல்லுதல், கொடுத்தல் ஆகியவை படர்க்கைக்கு உரியவை என்றும் கிளவியாக்கம் கூறுகிறது. அதாவது 'வருதல்' எனக்கும் உனக்கும் இடையே நடப்பது. 'செல்லுதல்' அவனிடத்துக்கு, அங்கே இருப்பவனிடத்துக்கு. விடைபெறுபவர் 'வாறன்' என்று முடிக்கும்போது, கேட்பவரை முன்னிலையிலேயே நிறுத்திவிட்டுப் போகிறார். விலக்குக்குக் காரணம் இந்த விதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துகின்றன.

அதேபோல் புறப்பட்டு நிற்பவரிடம் "எங்கே போகிறீர்கள்?" என்று நேராகக் கேட்பது சகுனப்பிழை. "தூரமோ?" என்று கேட்பார்கள். "ஓம், கொஞ்சம் தூரம்" என்பது போதுமான விடை. கேட்டவருக்கு இடம் தெரிந்துகொள்ளும் நோக்கம் இல்லை. கண்டேன் என்று தெரிவிப்பதே நோக்கம். "சாப்பிட்டாச்சோ?" என்பதும் அப்படியே. சாப்பிடாதவரும் பெரும்பாலும் "ஓம்" என்பார். இல்லை என்று சொன்னால் இலை போட வேண்டிவரும் என்பது இருவருக்கும் தெரியும்.

கப்பலேறிய சொல்

முகம் தெரியாதவருக்கும் சொல்லக்கூடிய சொல்தான் பயணம் போகும். மலேசியாவில் பொதுக்கூட்டங்களில் மலாய் முகமனோடு வணக்கமும் வரிசையில் வருகிறது. தென்னாப்பிரிக்காவில் 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கியவர்களின் வழித்தோன்றல்களில் பலர் தமிழ் பேசும் ஆற்றலை இழந்துவிட்டார்கள். ஆனாலும் மேடையில் நமஸ்தே, வணக்கம், நமஸ்காரம் என்று இந்தி, தமிழ், தெலுங்கு மரபினரை விளிக்கும் பழக்கம் அங்கே உண்டு. மொழி போன பின்பும் எந்த வீட்டார் என்பதைச் சொல்ல ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கனடாவில் பிரதமராக இருந்த காலத்தில் ஜஸ்டின் ட்ரூடோ தம் பொங்கல் வாழ்த்துகளை வணக்கம் என்று தொடங்கியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இலங்கை விமானத்தில் ஏறினால் 'ஆயுபோவன், வணக்கம்' என்று அடுத்தடுத்துக் கேட்கும். ஆயுபோவன் என்பது ஆயுள் பெருகட்டும் என்ற வாழ்த்து. ஒருவர் வாழ்த்துகிறார், மற்றவர் குனிகிறார் என்று அந்த ஜோடியை வைத்து நண்பர் ஒருவர் கசப்போடு வேடிக்கை செய்வார். வேரைப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் இன்று வணக்கம் சொல்லும் எவரும் குனிவதாக நினைப்பதில்லை.

தென்னகத்தின் நான்கு பெரிய மொழிகளில் மற்ற மூன்றும் நமஸ்காரத்தையே பொது முகமனாக வைத்துக்கொண்டன. மலையாளத்தில் 'வணக்கம்' என்ற சொல்லே உண்டு, ஆனாலும் அங்கே முகமன் நமஸ்காரம்தான். இந்தத் தனித்தன்மையால் வணக்கம் என்று கேட்டதும் தமிழர் என்று தெரிந்துவிடுகிறது. 1977இல் வொயேஜர் விண்கலங்களில் 55 மொழிகளின் வாழ்த்துகள் பதிந்த தங்கத் தட்டு ஏறியது. தெலுங்கும் கன்னடமும் நமஸ்தே என்று ஏறின, சிங்களத்தின் ஆயுபோவனும் ஏறியது, தமிழ் ஏறவில்லை. இவ்வளவு பயணம் போன சொல்லுக்கு அந்த ஒரு வண்டி தவறிவிட்டது.

எல்லாத் தமிழருக்கும் பொதுவான சொல் என்று நாம் நினைப்பதிலும் ஓர் எல்லை இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் 'வணக்கம்' என்பது இறைவனுக்குரிய வழிபாடு. தொழுகையும் நோன்பும் வணக்க வழிபாடுகள். அதனால் மனிதருக்கு வணக்கம் சொல்லத் தயங்குபவர்கள் அவர்களில் உண்டு. கிறித்தவர்களில் பலர் தமக்குள் 'தோத்திரம்' என்பார்கள். இலங்கையில் பாதிரியாருக்கும் பௌத்த பிக்குவுக்கும் முன்னால் எழுதும் 'வண.' என்ற சுருக்கம் 'வணக்கத்துக்குரிய' என்பதே. அங்கே அச்சொல் தன் பழைய உயரத்தை இன்னும் விடவில்லை. ஆகவே ஒருவர் உங்கள் வணக்கத்துக்குப் புன்னகையை மட்டும் பதிலாகத் தந்தால் அதை அவமதிப்பாக எடுக்க வேண்டியதில்லை.

குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு ஞாயிறு

ஆஸ்திரேலியாவின் 2021ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில், வீட்டில் தமிழ் பேசுவதாகக் கூறியவர்கள் 95 ஆயிரத்துக்கும் மேல். ரிச்மண்ட் வழித்தடத்தில் ரயிலேறினால் செவன் ஹில்ஸ், பிளாக்டவுன், குவேக்கர்ஸ் ஹில் என்று வரும் புறநகர்களில் யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மதுரையாரும் கோவையாரும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். ஊரில் ஒருவரையொருவர் சந்தித்தே இருக்கமாட்டார்கள். மேய்ஸ் ஹில் முருகன் கோயில் வாசலில் முதன்முறை சந்திக்கும் இருவருக்கு, எதிரில் இருப்பவரின் ஊரோ சாதியோ சமயமோ தெரியாது. 'வாங்கோ'வா 'வாங்க'வா என்பதும் தெரியாது. வணக்கம் என்ற சொல் அந்த வாசலுக்கென்றே செய்தது போலிருக்கிறது.

சிக்கல் வீட்டுக்குள் வரும்போது தொடங்குகிறது. எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிறு மாலை ஒரு குடும்பம் வருகிறது என்று வையுங்கள். மணி அடித்ததும் கதவைத் திறப்பது பிள்ளை. அவனுக்குத் தெரிந்தது இரண்டு: 'ஹாய்', 'வணக்கம்'. வந்த மாமாவுக்கு ஹாய் சொல்வது மரியாதையில்லை என்று நாம் சொல்லிவைத்திருக்கிறோம். ஆகவே வணக்கம் என்கிறான். மாமா கூச்சத்தோடு வணக்கம் என்கிறார். அதன்பின் இருவரும் கதவடியில் நிற்கிறார்கள். உள்ளே வாருங்கள் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து என் மனைவி "ஆர், அண்ணையோ? வாங்கோ வாங்கோ, ஏன் வாசல்ல நிக்கிறியள்?" என்று குரல் கொடுத்த பிறகுதான் மாமாவின் கால் உள்ளே வைக்கிறது. பிள்ளை முகமன் சொல்லிவிட்டான், ஆனால் வரவேற்கவில்லை. தமிழில் இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். வீட்டில் தேவைப்பட்டது இரண்டாவது.

பிள்ளைக்கு 'வாங்கோ' தெரியாதா என்றால், தெரியும். விளங்கிக்கொள்வான், சொல்லமாட்டான். காரணத்தைக் கேட்டேன். "மாமாவுக்கு வாங்கோவா, அண்ணாவுக்கு வாவா, அந்த ரெண்டு வயது கூடின அக்காவுக்கு எது? பிழைச்சா எல்லாரும் சிரிப்பீங்க" என்றான். வணக்கத்தில் பிழைக்க வழியே இல்லை. அதனால் அதைப் பிடித்துக்கொள்கிறான். இதே காரணத்தால் இங்கே பிறந்த பிள்ளைகளிடம் 'நீர்' முற்றாகப் போய்விட்டது. பலரிடம் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடும் ஆட்டம் காண்கிறது. தமிழ்ப் பள்ளிகள் வணக்கத்தைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கின்றன. முப்பது பிள்ளைகள் எழுந்து நின்று "வணக்கம் ரீச்சர்" என்று இழுத்துப் பாடும்போது கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது வகுப்பறை. அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் ஒருவருக்குச் சொல்கிறார்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் வேறு வேறாகச் சொல்ல வேண்டும்.

இதை நான் முழுதாக உணர்ந்தது ஒரு சாவு வீட்டில். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு முதியவர் காலமானார். மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. உள்ளே நுழைந்ததும் இறந்தவரின் மகனைப் பார்த்துக் கைகூப்பி "வணக்கம் மாமா" என்றான். ஒரு மணி நேரம் கழித்துப் புறப்படும்போது, நாங்கள் பலமுறை சொல்லிக்கொடுத்தபடியே, "போட்டு வாறன் மாமா" என்றான்.

சாவு வீட்டில் யாரும் "வாங்கோ" என்பதில்லை. வந்தவர் முகமன் சொல்வதில்லை. கையைப் பிடித்துக்கொள்வார்கள், அல்லது பேசாமல் பக்கத்தில் உட்கார்வார்கள். எழும்பும்போதும் சொல்லாமல்தான் எழும்ப வேண்டும். "போட்டு வாறன்" என்றால் இந்த வீட்டுக்கு இதே காரணத்துக்காக மறுபடியும் வருவேன் என்று ஆகிவிடும். மற்ற நாளெல்லாம் சொல்லாவிட்டால் பிழை. அன்று ஒருநாள் சொன்னால் பிழை. நாங்கள் சொல்லைச் சொல்லிக்கொடுத்திருந்தோம், சொல்லக்கூடாத இடத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊரில் இதை எனக்கும் எவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பத்து வயதுக்குள் நான்கைந்து சாவு வீடுகளுக்கு அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போயிருப்பேன், அதில் தெரிந்துகொண்டது. என் மகனுக்கு அதுதான் முதலாவது சாவு வீடு.

அந்த மாமா ஒன்றும் சொல்லவில்லை. மகனின் தோளில் கைவைத்து, "ஓம் ராசா" என்றார். காரில் ஏறிய பிறகு நான் மெதுவாக விளக்கினேன். அவன் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அம்மம்மா வீட்டில வணக்கம் சொல்லக்கூடாது, செத்த வீட்டில போட்டு வாறன் சொல்லக்கூடாது. வேறென்ன இருக்கு, எல்லாத்தையும் எழுதித் தாங்கோ" என்றான்.

அன்றிரவு ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். புறப்பட்டு நிற்பவரை "எங்கே" என்று கேட்காதே, "தூரமோ" என்று கேள். கதவைத் திறந்தால் முதலில் "வாங்கோ", மற்றதெல்லாம் பிறகு. மாமியிடம் "சாப்பிட்டாச்சோ" என்று கேட்டால் அவர் என்ன சொன்னாலும் அம்மாவிடம் வந்து சொல். இரண்டு வயது மூத்த அக்காவுக்கு "வாங்கோ" என்பதா "வா" என்பதா என்ற இடத்தில் எனக்கே தடுமாறியது. எங்கள் வீட்டில் அக்காவை "வா" என்றுதான் சொல்வோம். மனைவி வீட்டில் "வாங்கோ". அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த ஒரு வரிக்கு நாங்கள் அரைமணி நேரம் வாதாடினோம்.